வீட்டுக் காப்பீடு: எந்தத் தொகைக்கு?

வீட்டுக் காப்பீடு பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி, "வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்பதே சரி. எந்தத் தொகைக்குக் காப்பீடு எடுக்கிறோம் என்பது முடிவானால், பிரீமியம் ஒரே பெருக்கலில் வந்துவிடும். தவறு நடப்பதெல்லாம் அந்தத் தொகையைக் குறிக்கும் இடத்தில்தான்.

சென்னையின் தென்புறநகரில் ஒரு தனி வீட்டை எடுத்துக்கொள்வோம். மனையும் வீடும் சேர்த்து இன்று விற்றால் 90 லட்சம் ரூபாய் வரும். அதில் பெரும்பகுதி மண்ணின் விலை. தீயோ வெள்ளமோ வந்தாலும் மனை அங்கேயேதான் இருக்கும். ஆகவே 90 லட்சத்துக்குக் காப்பீடு எடுப்பது வீண். அப்படி எடுத்தாலும், நிறுவனம் திரும்பக் கட்டும் செலவை மட்டுமே தரும். பத்திரத்தில் உள்ள தொகையோ வழிகாட்டி மதிப்போ இங்கே உதவாது. வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கி எடுக்கச் சொல்லும் காப்பீடும் பல நேரங்களில் கடன் தொகை அளவுக்கே இருக்கும். கடன் பத்து லட்சம், வீட்டைக் கட்ட முப்பது லட்சம் என்றால், இருபது லட்சத்துக்குப் பாதுகாப்பே இல்லை.

2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிரிஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியை விற்றாக வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையிட்டது. அந்தப் பாலிசியில் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகைக்கு ஒரு கணக்கு உண்டு: கார்பெட் ஏரியாவைக் கட்டுமானச் செலவின் விகிதத்தால் பெருக்க வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

நம் ஊரில் கான்ட்ராக்டர் சொல்லும் சதுர அடி விலை பில்டப் ஏரியாவுக்கானது. வெளிச்சுவரும் பால்கனியும் அதில் அடக்கம். கார்பெட் ஏரியாவிலோ வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது, மொட்டை மாடி சேராது. நம் வீட்டின் பில்டப் ஏரியா 1,200 சதுர அடி, கார்பெட் ஏரியா 1,000 சதுர அடி, கான்ட்ராக்டர் விலை சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திரும்பக் கட்ட உண்மையில் ஆகும் செலவு 28 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் 1,000 அடியை 2,400-ஆல் பெருக்கிப் படிவத்தில் எழுதினால் 24 லட்சம்தான் வரும். ஏறக்குறைய ஐந்து லட்சம் காணாமல் போய்விடுகிறது. மொத்தச் செலவைக் கார்பெட் ஏரியாவால் வகுத்து, வரும் 2,880 ரூபாயை விகிதமாக எழுதுவதே சரி. சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கார் ஷெட் ஆகியவற்றுக்குத் தனியாக 2 லட்சத்து 20 ஆயிரம் சேர்த்தால், கட்டடத்துக்கு 31 லட்சம்.

அடுத்தது வீட்டுப் பொருட்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, இவை தாமாகவே சேர்ந்துவிடும். இந்த வீட்டுக்கு அது 6 லட்சத்து 20 ஆயிரம். போதுமா? 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது சென்னையில் நீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றின் சுவர்கள் நின்றன. தரைத்தளத்தில் இருந்த பிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, மெத்தை, மர அலமாரி, இன்வெர்ட்டர் போய்விட்டன. தாழ்வான பகுதியில் இருப்பவருக்குக் கட்டடத் தொகையைவிடப் பொருட்களின் தொகைதான் முதலில் பயன்படும். எனவே அறை அறையாகப் போய், ஒவ்வொன்றையும் இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை என்று எழுத வேண்டும். சமையலறைப் பாத்திரங்களும் துணிமணிகளும் கூட்டினால் வரும் தொகை பலரைத் திகைக்க வைக்கும். நம் வீட்டில் 9 லட்சம் வந்தது என்று கொள்வோம். அப்படியானால் தானாக வரும் தொகையை நம்பாமல், 9 லட்சம் என்றே தனியாக அறிவிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டுமே எடுத்தால் போதும்.

மொத்தம் 40 லட்சம். இனிப் பிரீமியம். நிறுவனங்கள் இதை ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை காசு என்று கணக்கிடுகின்றன. விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; இடம், நிலநடுக்க அபாயம், கட்டட வகை ஆகியவற்றைப் பொறுத்தும் மாறும். ஆயிரத்துக்கு 35 காசு என்று உதாரணத்துக்கு எடுத்தால், 1,400 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 சேர்த்து, ஆண்டுக்கு 1,652 ரூபாய். இதே விகிதத்தில் பத்து லட்சத்தைக் குறைத்து எழுதினால் வரியோடு மிச்சமாவது 413 ரூபாய்தான். நானூறு ரூபாய்க்காகப் பத்து லட்சம் பாதுகாப்பை விடுவது எந்தக் குடும்பத்துக்கும் நல்லதல்ல.

பழைய தீ விபத்துப் பாலிசிகளில் இன்னொரு இடர் இருந்தது. நாற்பது லட்சம் மதிப்புள்ளதை இருபது லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், இரண்டு லட்சம் சேதமானாலும் பாதியே கிடைக்கும். பாரத் கிரிஹ ரக்ஷாவில் இந்த வெட்டு இல்லை. ஆனாலும் எழுதிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வராது. நிறுவனங்கள் சொந்தப் பெயரில் விற்கும் வேறு பாலிசிகளில் இந்த வெட்டு உண்டா என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாவது திருட்டு. தீ, வெள்ளம் போன்ற காப்பீட்டுக்குள் வரும் நிகழ்வு ஒன்றால், அது நடந்த ஏழு நாளுக்குள் நேர்ந்த திருட்டுக்கு மட்டும் இழப்பீடு உண்டு. ஊருக்குப் போனபோது பூட்டை உடைத்தார்கள் என்றால் இந்தப் பாலிசி தராது. அதற்குத் தனியாக ஒரு காப்பீடு வேண்டும். நகையும் வெள்ளிப் பொருளும் வீட்டுப் பொருட்களில் சேராது; விலை மதிப்பிட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். பணம், பத்திரம், வாகனம் ஆகியவையும் இதில் அடங்காது.

மின்கசிவில் ஒரு நுணுக்கம் உண்டு. ஷார்ட் சர்க்யூட் ஆகி பிரிட்ஜ் கருகினால் பிரிட்ஜுக்குப் பணம் இல்லை. அதிலிருந்து தீ பரவிச் சமையலறை எரிந்தால், மற்ற சேதத்துக்கு உண்டு. "கரண்ட் கோளாறுக்குக் கிடையாது" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்றுக்கொண்டு கோரிக்கையைக் கைவிடக் கூடாது.

சுவர் விரிசல்தான் அதிக ஏமாற்றம் தருவது. நிலச்சரிவுக்கும் நிலம் உள்வாங்குவதற்கும் பாதுகாப்பு உண்டு; ஆனால் புதிய கட்டடம் தானாக அமர்வதால் வரும் விரிசல், நிரப்பிய மண் இறங்குவது, தரமற்ற வேலை, கட்டுமானத்துக்காகப் பள்ளம் தோண்டுவது ஆகியவற்றால் வரும் சேதம் சேராது. ஏரிக்கரையில் மண்ணடித்து உயர்த்திய மனைகளில் வீடு கட்டியவர்களும், பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊறும் ஈரக்கசிவும் வெள்ளச் சேதம் ஆகாது. அது பராமரிப்புச் செலவு.

மாடியில் ஒரு அறை எழுப்பப் போகிறவர்கள் முன்கூட்டியே நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். கார்பெட் ஏரியா பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால், கூடுதல் பிரீமியம் கட்டாத வரை அந்தப் புதிய பகுதிக்கு இழப்பீடு கிடையாது. நம் உதாரண வீட்டில் அந்த வரம்பு 100 சதுர அடி. 120 அடியில் ஒரு அறை கட்டினாலே அதைத் தாண்டிவிடும்.