ஐந்து மணிக்கே விழித்துவிடும் குழந்தை

விடியற்காலை 5 மணிக்குக் குழந்தையின் தூக்கம் மிக லேசாக இருக்கும். பகலெல்லாம் ஓடியாடிய அசதி அதற்குள் தீர்ந்திருக்கும். அதன் பிறகு தூக்கத்தை நீட்டிப்பது மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம்தான். அந்தக் கடிகாரத்தைத் திருத்தும் பெரிய சாவி, கண்ணில் படும் வெளிச்சம். விடியலில் படும் வெளிச்சம் அதை முன்னுக்குத் தள்ளும். மாலையிலும் முன்னிரவிலும் படும் வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். சிறு குழந்தைகளின் கண்மணி பெரியது, விழிவில்லையும் தெளிவானது. அதனால் பெரியவர்களைவிட அவர்களுக்கு இது கூடுதலாகவே உறைக்கிறது.

குழந்தை 5 மணிக்கு எழுந்ததும் விளக்கைப் போட்டுப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தால், மறுநாளும் அதே நேரத்தில் விழிக்க உடலைப் பழக்குவதாகிவிடும். வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும்; வயிறும் அந்த நேரத்துக்குப் பசிக்கக் கற்றுக்கொள்ளும். ஜூன் மாதத்தில் சென்னையில் சூரியன் 5.45 வாக்கில் உதிக்கிறது. கீழ்வானம் அதற்கு முன்பே வெளுத்துவிடும். கிழக்கு ஜன்னலில் மெல்லிய திரை இருந்தால் போதாது. விளக்குகளை அணைத்துவிட்டு, 5.30 மணிக்கு அந்த அறையில் கையை நீட்டிப் பார்க்கலாம். விரல்களை எண்ண முடிந்தால், அறை இன்னும் இருட்டாகவில்லை என்று பொருள். கனமான கறுப்புத் துணியை ஜன்னல் சட்டத்தோடு ஒட்டித் தொங்கவிடுவதே போதும்.

எதையும் மாற்றுமுன் தூக்கத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இரவு 7 மணிக்குத் தூங்கி 5 மணிக்கு எழுகிறது, பகலில் 11.30 முதல் 1.30 வரை தூங்குகிறது. மொத்தம் 12 மணி நேரம். இந்த வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்பதால், தூக்கத்தில் குறையில்லை. நேரம்தான் தள்ளிப்போக வேண்டும். படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கொரு முறை 15 நிமிடம் தள்ளினால் பன்னிரண்டு நாளில் 8 மணியாகும். பகல் தூக்கமும் இரவுச் சாப்பாடும் கூடவே நகர வேண்டும். மாலை ஆறரை வரை வாசலில் விளையாடவிட்டு, படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு விளக்குகளைக் குறைக்கலாம். காலையில் இலக்கு 6 மணி. அதுவரை இருட்டு, தணிந்த குரல், பால் கிடையாது. 6 அடித்ததும் திரையை அகல விலக்கி, வெளிச்சத்துக்குத் தூக்கிவர வேண்டும்.

முதல் சில நாள் குழந்தை தாமதமாகப் படுத்தும் 5 மணிக்கே எழும். கடிகாரம் மெதுவாகத்தான் நகரும் என்பதால், இந்தக் கட்டத்தில் கைவிடுவதே வழக்கமான தவறு. ஆனால் காலை 7 மணிக்கே கண்ணைக் கசக்கிச் சிணுங்கும் குழந்தைக்கு இந்த வழி பொருந்தாது. அதற்குத் தூக்கமே போதவில்லை. அதைச் சற்று முன்னதாகவே படுக்கவைக்க வேண்டும். 8 மணிக்கே மறுபடி தூங்கவிட்டால், அது இரவுத் தூக்கத்தின் மிச்சமாகி, விடியல் விழிப்பை நிலைக்க வைத்துவிடும். குறட்டையோ வாயால் மூச்சுவிடுவதோ தொடர்ந்தால், வெளிச்சத்தால் தீராது. குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.