‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’: இந்த வரி செல்லுமா?

பல கடைகளின் ரசீதில், கீழே சிறிய எழுத்தில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருக்கும். கெட்டுப்போன பொருளுடன் திரும்பி வருபவரிடம் கடைக்காரர் விரல் வைத்துக் காட்டுவதும் அந்த வரியைத்தான். ஆனால் பொருளில் குறை இருக்கும்போது அந்த வரிக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. 2020 ஜூலை 20 முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள்ளும், இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ரசீதே தராமல் விற்பதும் இதே சட்டப்படி தவறு.

இங்கே ஒரு வரம்பு உண்டு. வீட்டுக்கு வந்த பின் நிறம் பிடிக்கவில்லை, பக்கத்துக் கடையில் விலை குறைவு என்பதெல்லாம் குறை ஆகாது. அப்படிப்பட்ட பொருளை மாற்றித் தருவது கடைக்காரரின் விருப்பம். தரம், அளவு, பாதுகாப்பு ஆகியவற்றில் இருக்க வேண்டியது இல்லாமல் போவதையே சட்டம் குறை என்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அவள் அம்மா 6,200 ரூபாய்க்கு சைக்கிள் வாங்குகிறார். பன்னிரண்டாம் நாள், பெடல் பொருந்தும் இடத்துக்கு மேலே பற்றவைப்பு விட்டு விரிசல் விழுகிறது. “டபுள்ஸ் போயிருப்பீங்க” என்கிறார் கடைக்காரர். பணம் கொடுத்தவர் அம்மாதான். ஆனாலும் அவர் ஒப்புதலுடன் சைக்கிளை ஓட்டும் மகளும் சட்டப்படி நுகர்வோரே. அவளுக்கு 18 வயது ஆகாததால் புகாரைப் பெற்றோர் கொடுக்கலாம். அதே சைக்கிளை மறுவிற்பனைக்காக ஒரு வியாபாரி வாங்கியிருந்தால் அவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார்.

முதலில் செய்ய வேண்டியது, விரிசலைப் பல கோணங்களில் படம் எடுத்துவிட்டு சைக்கிளை அப்படியே நிறுத்திவைப்பது. தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்துவிட்டால் குறையை நிரூபிக்கும் சான்றும் அதோடு போய்விடும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். அடுத்து, வாங்கிய நாள், ரசீது எண், குறை, கேட்கும் தீர்வு ஆகியவற்றை எழுதி, 15 நாள் கெடுவுடன் கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் விரைவுத் தபாலில் அனுப்பலாம். வாய்ப்பேச்சை மறுக்கலாம், கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் மறுப்பது கடினம்.

இடையில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐயும் அழைக்கலாம். புகாரைப் பதிவுசெய்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல சிக்கல்கள் அதிலேயே முடிந்துவிடும். ஆனால் யாருக்கும் உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார் அங்கே போகும். கடை சென்னையில் இருந்தாலும், புகார்தாரர் தென்காசியில் வசித்தால் தென்காசிக்குரிய ஆணையத்திலேயே தொடுக்கலாம். இணையத்தில் வாங்குபவர்களுக்கு இது பெரிய வசதி. விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

புகார் ஏற்கப்பட்டபின் எதிர்த்தரப்பு 30 நாட்களில் பதில் தர வேண்டும். ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் இல்லை. டபுள்ஸ் போனதால் விரிந்ததா, பற்றவைப்பே மோசமா என்ற கேள்வி கண்பார்வையில் தீராவிட்டால், ஆணையம் சைக்கிளை ஆய்வகத்துக்கு அனுப்பும். சோதனைக் கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டியிருக்கும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தாக்கள் நீண்டு, அதைவிடக் கூடுதலாகவே ஆவதுண்டு.

குறை நிரூபணமானால் பழுதைச் சரிசெய்யவோ, வேறு சைக்கிள் தரவோ, 6,200 ரூபாயைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். அலைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் சேர்க்கலாம். அதற்காகக் கேட்கும் தொகையெல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. இழப்பைக் காட்டினால்தான் கிடைக்கும்.

தீர்ப்பு பிடிக்காதவர் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் தரும்படி உத்தரவு பெற்ற கடைக்காரர் என்றால், அதில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடும் செய்யாமல், பணமும் தராமல் இருந்துவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் ஆணையம் தானாக வந்து பார்க்காது. உத்தரவை நிறைவேற்றும்படி வென்றவர்தான் மீண்டும் ஒரு மனு கொடுக்க வேண்டும்.