டைல் கோடுகள் சொல்லும் அளவு

தரைவிரிப்பு வாங்கும் முன், நம் வீட்டுக் கூடத்தின் போட்டோவிலேயே அதை விரித்துப் பார்த்துவிடலாம். ஆனால் படத்தை அப்படியே ஒட்டினால், விரிப்பு தரையில் கிடக்காமல் நிமிர்ந்து நிற்பதுபோல் தோன்றும். தூரம் போகப் போக டைல்கள் சிறுத்துத் தெரிகின்றன. விரிப்பும் அதே விகிதத்தில் சிறுக்க வேண்டும். அந்த விகிதம் டைல் கோடுகளிலேயே இருக்கிறது.

ஒரு கூடத்தில் இரண்டடிக்கு இரண்டடி டைல் பதித்திருக்கிறது. அங்கே நாலுக்கு ஆறடி ஜமக்காளம் விரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் 2 டைல், நீளத்தில் 3 டைல் இடம் பிடிக்கும். டேப் இல்லாமலே அளவு கிடைத்துவிட்டது.

நேர் மேலிருந்து எடுத்த ஜமக்காளப் படத்தை போட்டோஷாப்பில் திறந்து, முழுவதையும் தேர்வுசெய்து காப்பி செய்யுங்கள். கூடத்தின் படத்தில் புது லேயர் ஒன்றைச் சேர்த்து, Filter மெனுவில் Vanishing Point-ஐத் திறக்கவும். புது லேயர் இல்லாவிட்டால் ஜமக்காளம் போட்டோவின் மேலேயே பதிந்துவிடும். பிறகு தனியாக நகர்த்த முடியாது.

இப்போது டைல்கள் சந்திக்கும் மூலைகளில் நான்கு புள்ளி வையுங்கள். ஒரே டைலைச் சுற்றி வைத்தால் சிறு பிசகும் தூரத்தில் பெரிதாகிவிடும். நாலுக்கு நாலு டைல் பரப்பை எடுப்பது நல்லது. வலைக்கட்டம் நீலமாகத் தெரிந்தால் கணக்கு சரி. சிவப்பானால் புள்ளிகளை நகர்த்த வேண்டும். பிறகு Ctrl+V கொடுத்து, ஜமக்காளத்தைக் கட்டத்துக்குள் இழுத்தால் தரையோடு சாய்ந்துகொள்ளும். T விசையை அழுத்தி, நான்கு மூலைகளும் 2 டைல் அகலம், 3 டைல் நீளத்தில் பொருந்தும்வரை அளவை மாற்றுங்கள்.

நான்கு புள்ளி சரியாக வைத்தும் மற்ற கோடுகள் கட்டத்தோடு ஒட்டவில்லையா? போனின் அகலக்கோண லென்ஸ் ஓரத்து நேர்கோடுகளை வளைத்திருக்கும். Lens Correction-இல் அதை நிமிர்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். அல்லது சாதாரண லென்ஸில் வேறு படம் எடுங்கள்.

கோணம் சரியானாலும் ஒளி காட்டிக்கொடுக்கும். ஜமக்காளத்தின் ஓரத்தில், வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம், மெல்லிய நிழல் விழவேண்டும். பளபளப்பான டைலில் தெரியும் ஜன்னலின் பிரதிபலிப்பு ஜமக்காள ஓரத்தோடு நின்றுவிட வேண்டும். துணி கண்ணாடிபோல் மின்னாது. சோபா கால் முன்னால் வருகிற இடத்தில் மாஸ்க் போட்டு ஜமக்காளத்தை மறைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. விரிப்பின் எதிரெதிர் மூலைகளை இணைத்து இரண்டு கோடு போடுங்கள். அவை வெட்டும் புள்ளியில்தான் விரிப்பின் நடுப்பகுதி விழவேண்டும். வேறிடத்தில் விழுந்தால், படத்தை வெறுமனே இழுத்து வளைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மறுபடி நான்கு மூலைகளிலிருந்து தொடங்குங்கள்.