முறுக்கு அவிழ்ப்பவனைச் சிறைப்பிடிக்கும் மருந்து

இரண்டு புரிகளால் திரித்த ஒரு முழக் கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி வளையமாக்குங்கள். இப்போது ஓரிடத்தில் இரு புரிகளையும் விரல்களால் பிரித்து இழுங்கள். பிரித்த இடத்திற்கு இருபுறமும் முறுக்கு மேலும் இறுகுவதைக் காண்பீர்கள். இன்னும் இழுத்தால் கயிறு தன்மேல் தானே சுருண்டு கொள்ளும். அதற்கு மேல் பிரிக்க முடியாது. முனை எதுவும் திறந்திராததால் முறுக்கு வெளியேற வழியில்லை. வளையத்தை எங்காவது வெட்டினாலொழிய அம்முறுக்கு குறையாது.

நமது குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஒவ்வொரு முறை இரண்டாகப் பெருகும்போதும் இதே சிக்கலைச் சந்திக்கிறது. அதன் டி.என்.ஏ.யும் இரு புரிகள் பின்னிய ஒரு வளையமே. அதை நீட்டினால் சுமார் 1.6 மில்லிமீட்டர் இருக்கும். அது அடங்கியிருக்கும் உயிரணுவின் நீளமோ 2 மைக்ரோமீட்டர்தான். வளையத்தில் சுமார் 46 இலட்சம் கார இணைகள் உள்ளன. பத்தரை இணைகளுக்கு ஒரு சுற்று என்று கொண்டால், புரிகள் ஒன்றையொன்று ஏறக்குறைய 4 இலட்சத்து 40 ஆயிரம் முறை சுற்றியிருக்கின்றன. டி.என்.ஏ.யைப் படியெடுக்க அத்தனை சுற்றுகளும் அவிழ வேண்டும்.

படியெடுக்கும் பணி ஓரிடத்தில் தொடங்கி இரு திசைகளிலும் நகர்கிறது. ஒவ்வொரு திசையிலும் புரிகள் பிரியும் கவர், விநாடிக்குச் சுமார் 1000 இணைகளைக் கடக்கிறது. அதாவது விநாடிக்கு 95 சுற்றுகள், நிமிடத்திற்கு 5700. நம் வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறி நிமிடத்திற்கு 350 முறை அளவில்தான் சுழல்கிறது. இவ்வளவு முறுக்கும் கவருக்கு முன்னால் சேர்ந்தால் பணி சில விநாடிகளிலேயே நின்றுவிடாதா?

வெட்டி ஒட்டும் நொதி

நிற்காமல் காப்பது டி.என்.ஏ. கைரேஸ் என்னும் நொதி. அமெரிக்காவில் மார்ட்டின் கெல்லர்ட்டும் அவருடைய குழுவினரும் 1976இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்த நொதி டி.என்.ஏ.யின் ஒரு பகுதியைத் தன்மேல் சுற்றிக்கொள்கிறது. பிறகு இரு புரிகளையும் நான்கு கார இணை இடைவெளியில் வெட்டுகிறது. அந்த வாயில் வழியாக டி.என்.ஏ.யின் மற்றொரு பகுதியை நுழைத்து அப்பால் அனுப்புகிறது. உடனே வெட்டிய இடத்தை மீண்டும் ஒட்டிவிடுகிறது. இப்படி ஒரு முறை செய்தால் வளையத்தின் சுற்றுக் கணக்கில் இரண்டு குறையும். இந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலை ஏ.டி.பி. மூலக்கூறுகள் தருகின்றன. ஒரு கைரேஸால் இவ்வளவு வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாது. எனவே பல கைரேஸ்கள் கவரின் முன்னால் வேலை செய்கின்றன.

ஆனால் வளையத்தை வெட்டுவது ஆபத்தான செயல் அல்லவா? இதற்கு நொதியிடம் ஒரு காப்பு உண்டு. வெட்டிய முனைகளை அது கைவிடுவதே இல்லை. தன்னிடமுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மூலம் ஒவ்வொரு புரியின் முனையையும் வேதிப்பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே சாதாரணமாக எந்த நேரத்திலும் மிகச் சில கைரேஸ்களே வெட்டிய நிலையில் இருக்கும், அவையும் நொடிப்பொழுதுக்குத்தான்.

வாயிலில் செருகிய ஆப்பு

சிப்ரோஃபிளாக்சசின், நார்ஃபிளாக்சசின் முதலியவை ஃபுளூரோகுயினோலோன் என்னும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் முன்னோடி 1962இல் வெளிவந்த நாலிடிக்சிக் அமிலம். குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைத் தயாரிக்கும்போது கிடைத்த ஒரு பக்க விளைபொருளிலிருந்து பிறந்தது அது. பின்னர் அதன் கட்டமைப்பில் ஃபுளூரின் அணு ஒன்றைச் சேர்த்ததும் மருந்தின் வலிமை பன்மடங்கு கூடியது.

இம்மருந்தின் மூலக்கூறு தட்டையானது. கைரேஸ் வெட்டிய இரு இடங்களிலும் ஒவ்வொரு மூலக்கூறு, அடுக்கிய கார இணைகளுக்கிடையே ஆப்புப்போல் செருகிக்கொள்கிறது. வெட்டிய முனைகள் ஒன்றையொன்று நெருங்க முடியாததால் ஒட்டும் வேலை நடைபெறுவதில்லை. மருந்தை அவ்விடத்தில் பிடித்து நிறுத்துவது ஒரு மக்னீசியம் அயனி. அது ஒருபுறம் மருந்தையும், மறுபுறம் நீர் மூலக்கூறுகள் வழியாக நொதியின் 83ஆம் இடத்திலுள்ள செரீனையும் 87ஆம் இடத்திலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்தையும் இணைக்கும் பாலமாக நிற்கிறது.

நொதி சிக்கிக்கொண்டது என்று எப்படித் தெரியும்? 1977இல் செய்த சோதனை எளிமையானது. வளைய டி.என்.ஏ., கைரேஸ், மருந்து மூன்றையும் கலந்தார்கள். அதில் புரதங்களைக் குலைக்கும் ஒரு சலவைப்பொருளைச் சேர்த்தார்கள். நொதி சிதைந்ததும் அது பிடித்துக்கொண்டிருந்த வெட்டு வெளிப்பட்டது. வளையங்கள் நீண்ட இழைகளாகிவிட்டன. இழைகளின் முனைகளில் கைரேஸ் புரதம் ஒட்டிக்கொண்டிருந்தது!

இன்னொரு சான்றும் உண்டு. மருந்துக்கு இணங்கும் கைரேஸ், இணங்காத கைரேஸ் இரண்டையும் உருவாக்கும் பாக்டீரியாக்களை ஆய்ந்தார்கள். மருந்து நொதியை வேலை செய்யாமல் நிறுத்துவது மட்டுமே என்றால், இணங்காத நொதி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். பாக்டீரியா பிழைத்திருக்க வேண்டும். ஆனால் அது மருந்துக்குப் பணிந்தது. ஆகவே தீமை வருவது நொதியின் இல்லாமையால் அன்று. சிக்கிய நொதியின் இருப்பால். பாக்டீரியாவின் உதவியாளனே அதற்கு நஞ்சாகிறான்.

எனினும் சிக்கல் மட்டுமே மரணம் அன்று. மருந்தை அகற்றிவிட்டால் ஆப்பு கழன்று, நொதி வெட்டை ஒட்டிவிடும். சிக்கிய நொதியின் மீது படியெடுக்கும் கவர் வந்து முட்டினால் பெருக்கம் நின்றுபோகிறது. அதன் பிறகு நொதியின் பிடியிலிருந்து வெட்டிய முனைகள் விடுபட்டால், வளையம் உண்மையாகவே உடைகிறது. பழுதுபார்க்கும் நொதிகள் ஓரளவு உடைப்புகளைச் சரிசெய்யும். பல இடங்களில் உடைந்தால் பாக்டீரியா மாண்டுபோகும். நமது உயிரணுக்களிலும் இத்தகைய வெட்டி ஒட்டும் நொதி இருக்கிறது. ஆனால் மக்னீசியப் பாலம் ஊன்றி நிற்கும் அந்த அமினோ அமிலங்கள் அதில் இல்லை. ஆகவே மருந்தளவில் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

பாலம் அறுந்தால்

இந்தப் பாலமே மருந்தின் பலவீனமும் ஆகும். ஈ.கோலையின் கைரேஸ் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, 83ஆம் செரீன் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின் வந்துவிட்டால், பாலத்தின் ஒரு கால் போய்விடுகிறது. நொதியோ தன் வேலையை வழக்கம்போல் செய்கிறது. நாலிடிக்சிக் அமிலம் அதற்குப்பின் அநேகமாகப் பயனற்றது. சிப்ரோஃபிளாக்சசினும் முன்னைவிட அதிக அளவில் தேவைப்படுகிறது. மேலும் சில மாற்றங்கள் சேர்ந்தால் அதுவும் தோற்றுவிடும்.

டைபாய்டு கிருமியிலும் அதே 83ஆம் இடத்து மாற்றம் நேர்கிறது. 1990களில் நம் நாட்டில் அத்தகைய கிருமிகள் பரவின. சிப்ரோஃபிளாக்சசின் கொடுத்தும் காய்ச்சல் இறங்கத் தாமதமான நோயாளிகள் பலர். இதைக் கண்டுகொள்ள ஆய்வகத்தில் பழைய நாலிடிக்சிக் அமிலமே கைகொடுத்தது. கிருமி வளர்த்த தட்டின்மேல் அம்மருந்து ஊறிய சிறு காகித வில்லையை வைத்து மறுநாள் பார்ப்பார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமியற்ற வட்டம் தெளிவாகத் தெரியாவிட்டால், கைரேஸ் மாறியிருக்கலாம் என்று எச்சரிக்கை.

உலோக அயனியைப் பற்றும் இம்மருந்தின் இயல்பு இன்னோரிடத்திலும் தலைகாட்டுகிறது. மக்னீசியமோ அலுமினியமோ உள்ள அமிலமுறி மாத்திரைகளோடும், கால்சியம் நிறைந்த பாலோடும் சேர்த்து உண்டால், மருந்து வயிற்றிலேயே அவற்றோடு பிணைந்துகொள்ளும். இரத்தத்தில் சேரும் அளவு குறைந்துவிடும். பாக்டீரியாவின் நொதிக்குள் பற்ற வேண்டிய கை, வழியிலேயே நிறைந்துவிடுகிறது. இந்த மாத்திரையைப் பாலோடு விழுங்காதே என்று மருத்துவர் சொல்வதற்குக் காரணம் இதுவே.