அடி, அங்குல உயரத்தைச் சென்டிமீட்டராக மாற்றும்போது

ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்டிமீட்டர். 1959-ஆம் ஆண்டு அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டில் இந்த அளவு உறுதியானது. 12 அங்குலம் ஓர் அடி என்பதால் ஓர் அடிக்கு 30.48 சென்டிமீட்டர். அடியை 12-ஆல் பெருக்கி, மீதி அங்குலத்தைக் கூட்டி, வந்ததை 2.54-ஆல் பெருக்கினால் உயரம் சென்டிமீட்டரில் கிடைத்துவிடும். ஐந்தடி ஆறு அங்குலம் என்றால் 60-உம் 6-உம் சேர்ந்து 66 அங்குலம், அது 167.64 சென்டிமீட்டர்.

கணக்கு இவ்வளவுதான். பட்டியலில் உள்ள எழுத்தைச் சரியாகப் படிப்பதுதான் கடினம். ஐந்தடி ஆறு அங்குலத்தை ஒருவர் 5'6" என்று தட்டச்சு செய்கிறார். இன்னொருவர் 5.6 என்கிறார், வேறொருவர் 5-6 என்கிறார், மற்றொருவர் 5 அடி 6 அங்குலம் என்று முழுதாக எழுதுகிறார். மனிதக் கண்ணுக்கு இவை நான்கும் ஒன்று. கணினிக்கோ 5.6 ஒரு தசம எண், 5-6 ஒரு தேதி, மற்றவை வெறும் எழுத்துகள்.

இவற்றில் அதிகத் தொல்லை தருவது புள்ளி. தமிழ்நாட்டில் திருமண ஜாதகக் குறிப்புகளிலும் விண்ணப்பங்களிலும் உயரத்தை 5.6 என்று எழுதுவது சாதாரண வழக்கம். அதைத் தசம எண்ணாக எடுத்து 30.48-ஆல் நேரடியாகப் பெருக்கினால் 170.7 சென்டிமீட்டர் வருகிறது. எழுதியவரின் உண்மையான உயரம் 167.6. தவறு மூன்று சென்டிமீட்டர் என்பதால் பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது.

ஐந்தடி பத்து அங்குலத்தில் நிலைமை இன்னும் மோசம். எக்செல்லின் பொது வடிவக் கட்டத்தில் 5.10 என்று தட்டினால், கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று கருதி அது 5.1 என்று வைத்துக்கொள்ளும். அந்த நொடியில் ஐந்தடி பத்து அங்குலக்காரரும் ஐந்தடி ஓர் அங்குலக்காரரும் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள். முதலாமவரின் உயரம் 177.8 சென்டிமீட்டர், இரண்டாமவருடையது 154.9. கிட்டத்தட்ட 23 சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு பூஜ்யத்தோடு போய்விடுகிறது. எடை 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், முதலாமவரின் உடல் நிறை குறியீடு 22.1, அது இயல்பான அளவு. உயரத்தை 154.9 என்று எடுத்தால் அதே மனிதருக்கு 29.2 வரும், அவர் அதிக எடை உள்ளவர் என்று பதிவாகிவிடுவார்.

போன பூஜ்யத்தை எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது. கட்டத்தின் வடிவத்தைப் பிறகு மாற்றி 5.10 என்று தெரியவைத்தாலும், உண்மையில் 5.1 என்று எழுதியவர்களும் 5.10 ஆகத்தான் தெரிவார்கள். மூலப் படிவத்தைப் பார்ப்பதோ ஆளையே கேட்பதோ மட்டும்தான் வழி. ஆகவே எண்களைத் தட்டத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை Text வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். எக்செல்லில் எழுத்தாக உள்ளது கட்டத்தின் இடப்புறமும், எண்ணாக மாறியது வலப்புறமும் ஒட்டி நிற்கும். எது மாறிவிட்டது என்பதை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

புள்ளி வைத்த பட்டியல் கைக்கு வந்தால், எழுதியவர்கள் அங்குலத்தைச் சொன்னார்களா, தசம அடியைச் சொன்னார்களா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். புள்ளிக்குப் பின் 11-க்கு மேல் எதுவும் இல்லாமல், 5.11 மட்டும் ஆங்காங்கே வந்தால் அவை அங்குலங்கள். 5.25, 5.5, 5.75, 5.58 போன்றவை வந்தால் அவை தசம அடிகள், அப்போது 30.48-ஆல் நேரடியாகப் பெருக்குவதே சரி. 5.5 மட்டும் தனியாக இருந்தால் எதையும் முடிவு செய்ய முடியாது. முழு நெடுவரிசையையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இடைக்கோடு வேறு வகைச் சிக்கல். இந்திய அமைப்பில் உள்ள எக்செல்லில் 5-10 என்று தட்டினால் அது அக்டோபர் 5 ஆகி, கட்டத்தில் 05-Oct என்று தெரியும். அமெரிக்க அமைப்பில் அதே எழுத்து மே 10 ஆகிவிடும். இதில் தகவல் தொலைவதில்லை. நாளும் மாதமும் உள்ளே இருக்கின்றன. இந்திய அமைப்பில் நாள் அடியாகவும் மாதம் அங்குலமாகவும் இருப்பதால், கீழ்க்கண்ட சூத்திரம் 177.8-ஐத் திருப்பித் தரும்:

```
=(DAY(A2)*12+MONTH(A2))*2.54
```

அமெரிக்க அமைப்பில் தட்டிய கோப்பானால் DAY, MONTH இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். அந்தக் கட்டத்தை அவசரப்பட்டு Text வடிவத்துக்கு மாற்றினால் 45570 போன்ற ஒரு வரிசை எண் தெரியும். 2024 அக்டோபர் 5-க்கு எக்செல் வைத்திருக்கும் எண் அது.

ஒற்றை மேற்கோள் குறியோடு எழுதியவைதான் கையாள எளிது. ஆனால் கைபேசியில் தட்டியவர்களின் குறிகள் வளைந்து ’ என்றும் ” என்றும் வந்திருக்கும். சிலர் அங்குலத்துக்கு இரட்டைக் குறிக்குப் பதில் ஒற்றைக் குறியை இருமுறை போட்டிருப்பார்கள். Find and Replace மூலம் இவை எல்லாவற்றையும் நேரான குறிகளாக மாற்றி, இடைவெளிகளை நீக்கிவிட வேண்டும். 5'6", 5'10, 5' என மூன்று விதமாக இருந்தாலும் பின்வரும் சூத்திரம் சரியாகப் படிக்கும்:

```
=(LEFT(A2,FIND("'",A2)-1)*12
 +("0"&SUBSTITUTE(MID(A2,FIND("'",A2)+1,9),"""","")))*2.54
```

ஒற்றைக் குறிக்கு முன்னால் உள்ளதை இது அடியாகவும், பின்னால் உள்ளதை அங்குலமாகவும் எடுத்துக்கொள்கிறது. அங்குலம் எழுதாமல் விட்டிருந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. குறியே இல்லாத கட்டத்தில் #VALUE! என்று பிழை காட்டும். அந்தப் பிழையை மறைத்துவிடக் கூடாது. கண்ணால் பார்க்க வேண்டிய கட்டம் எது என்பதை அதுதான் சொல்கிறது.

மாற்றி முடித்ததும் இரண்டு சோதனைகள் போதும். அங்குலம் 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது எழுத்துப் பிழை; 5'16" என்று ஓர் உயரம் கிடையாது. பெரியவர்களின் பட்டியலில் விடை 120-க்குக் கீழேயோ 215-க்கு மேலேயோ போனால் அந்த வரியைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் முன்பே சென்டிமீட்டரில் 170 என்று எழுதியிருக்கலாம்; இன்னொருவர் முழு உயரத்தையும் அங்குலத்தில் 67 என்று எழுதியிருக்கலாம்.

விடையை எத்தனை தசமம் வரை எழுதுவது என்பதற்கும் வரம்பு உண்டு. முழு அங்குலத்தில் சொன்ன உயரம் இருபுறமும் அரை அங்குலம், அதாவது 1.27 சென்டிமீட்டர் வரை விலகியிருக்கலாம். அதனால் 167.64 என்று எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டும். 168 என்றே போடலாம். ஆனால் கணக்கின் நடுவே 2.54-ஐ 2.5 ஆகச் சுருக்கக் கூடாது. சுருக்கினால் ஐந்தடி ஆறு அங்குலம் 165 ஆகிவிடும். முழு எண்ணாக்குவது கடைசிப் படியில் மட்டுமே.

படிவம் தயாரிப்பவர்கள் உயரத்துக்கு ஒரே கட்டம் வைக்காமல் அடிக்கு ஒன்று, அங்குலத்துக்கு ஒன்று என இரண்டு கட்டங்கள் வைத்தால் புள்ளிக்கும் கோட்டுக்கும் வேலையே இருக்காது. பழைய பட்டியலை மாற்றுபவர்கள் மூல நெடுவரிசையை அழிக்காமல் வைத்துக்கொண்டு, சென்டிமீட்டரைப் பக்கத்து நெடுவரிசையில் எழுத வேண்டும்.