மூடாமல் புதுப்பிக்க ஒரு கணக்கு

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் புதுப்பிக்க ஒப்பந்தப்புள்ளி கொடுக்கும் நிறுவனங்கள், வேலையை எப்படிச் செய்யப்போகிறோம் என்பதையும் எழுதித் தர வேண்டும். ‘பணியின்போது விநியோகம் தடைபடாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அந்த வரியை நம்புவதற்குக் கணக்கு வேண்டும்.

ஒரு பேரூராட்சிக்குத் தினமும் 15 லட்சம் லிட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தில் 10 சதுர மீட்டர் பரப்புள்ள இரண்டு மணல் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் மணிக்கு 50,000 லிட்டர் வடிகட்டும். மணலை மாற்ற ஒன்றை மூடினால், மற்றது 23 மணி நேரம் ஓடினாலும் 11.5 லட்சம் லிட்டர்தான் கிடைக்கும். வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். கூட்டினால் மணலில் தங்கவேண்டிய கலங்கல் நீரோடு கீழே இறங்கிவிடும்.

எனவே வேலை முடியும்வரை ஒரு தற்காலிக அழுத்த வடிகட்டியை வாடகைக்கு வைக்க வேண்டும். மணிக்கு 20,000 லிட்டர் திறன் கொண்டது 20 மணி நேரம் ஓடினால் 4 லட்சம். மொத்தம் 15.5 லட்சம் ஆகிவிட்டதே என்று இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஓடும் மணல் வடிகட்டியைத் தினமும் எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவ வேண்டும். சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 600 லிட்டர் வீதம் 10 நிமிடம் கழுவினால் 60,000 லிட்டர் போய்விடும். மிஞ்சுவது 14.9 லட்சம், ஊருக்குப் போதாது. அழுத்த வடிகட்டியைக் கழுவவும் தண்ணீர் வேண்டும். ஆகவே மணிக்கு 25,000 லிட்டர் திறனுள்ளதையே கேட்க வேண்டும்.

அடுத்த சிக்கல் பழைய வால்வு. பல ஆண்டுகளாகத் திறந்தே கிடந்த வால்வு முழுதாக மூடுமா என்பது மூடிப் பார்த்தால்தான் தெரியும். மூடிய பிறகும் காலித் தொட்டியில் நீர்மட்டம் ஏறினால் வால்வு கசிகிறது. வேலைக்குச் சில வாரங்கள் முன்பே இதைச் சோதித்தால் மாற்று வால்வு வாங்க அவகாசம் கிடைக்கும்.

புதிய குழாயை இணைக்கும்போது மட்டும் நிலையத்தை முழுவதும் நிறுத்தியாக வேண்டும். மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பிவிட்டு, தேவை குறைந்த இரவில் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். நான்காவது மணிக்குள் குழாய் பொருந்தாவிட்டால் பழைய இணைப்பையே மாட்டிவிட வேண்டும். விடியற்காலையில் பம்ப் ஓடியாக வேண்டுமே! அந்த முடிவை யார் எடுப்பார் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது.

புது மணல் போட்டதும் வடிகட்டியைத் திறந்துவிட முடியாது. குளோரினால் கிருமி நீக்கி, கலங்கல் 1 என்.டி.யு.வுக்குக் கீழே வரும்வரை நீரை வெளியே விட வேண்டும். பிறகு பாக்டீரியா பரிசோதனை. முடிவு வர ஓரிரு நாள் ஆகும். அதுவரை தற்காலிக வடிகட்டி தளத்திலேயே இருக்க வேண்டும். அதற்கான வாடகையும் மதிப்பீட்டில் சேர வேண்டும்.

கழுவு நீரைக் கழித்த தினசரிக் கணக்கும், பழைய இணைப்புக்குத் திரும்பும் நேரமும் இல்லாத அறிக்கையைப் பேரூராட்சி தயங்காமல் திருப்பி அனுப்பலாம்.