ஒரே விளையாட்டு, ஊருக்கொரு விலை

கைப்பேசி விளையாட்டு ஒன்றை உலகம் முழுவதும் விற்பனைக்கு விடும்போது அதன் விலையை எந்த நாட்டுப் பணத்தில் யோசிப்பது என்பதே முதல் சிக்கல். பெரும்பாலான நிறுவனங்கள் டாலரில் ஒரு விலையை முடிவு செய்துவிட்டு, மற்ற நாடுகளின் விலையைக் கடையின் கணக்குக்கே விட்டுவிடுகின்றன. கூகுள் பிளே ஸ்டோரும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரும் அன்றைய நாணய மாற்று விகிதப்படி அந்த விலையை ஒவ்வொரு நாட்டுக்கும் மாற்றிக் கொடுத்துவிடும். வேலை சுலபமாக முடிகிறது. ஆனால் அப்படி வரும் விலை, வருமானம் குறைந்த நாடுகளில் உள்ளவர்களால் வாங்க முடியாததாகப் போய்விடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு சிறு நிறுவனம் புதிர் விளையாட்டு ஒன்றை வெளியிடுகிறது. இறக்கிக்கொள்வது இலவசம். முதல் சில கட்டங்களை யாரும் ஆடலாம். முழு விளையாட்டையும் திறக்க ஒரே ஒருமுறை 4.99 டாலர் கட்ட வேண்டும். ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இது சுமார் 424 ரூபாய். இதோடு கணக்கு முடிவதில்லை. அமெரிக்காவில் கடை காட்டும் விலையில் விற்பனை வரி சேராது. வரி உள்ள மாநிலங்களில் அது தனியாக ஏறும். இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டி விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். அதையும் சேர்த்தால் 500 ரூபாயைத் தொடுகிறது. ஆக, கடையின் கணக்குப்படி இந்திய விலை 499 ரூபாய். ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஒரு மாத மொபைல் ரீசார்ஜைவிட இது அதிகம்.

எங்கிருந்து தொடங்குவது?

சந்தையில் ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பதை மாற்று விகிதம் சொல்கிறது. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளும் சேவையும் இந்தியாவில் எவ்வளவுக்குக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. இந்தக் கேள்விக்குப் பொருளியலாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல் ‘வாங்கும் திறன் சமநிலை’. உலக வங்கி ஒருங்கிணைக்கும் பன்னாட்டு விலை ஒப்பீட்டுத் திட்டம், பல நாடுகளின் விலைகளைத் திரட்டி இதைக் கணக்கிடுகிறது. இந்தியாவுக்கு அந்த எண், டாலருக்கு 20 ரூபாயை ஒட்டி இருக்கிறது. சந்தை விகிதத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அதன்படி பார்த்தால் நம் புதிர் விளையாட்டின் விலை 100 ரூபாய், ஜிஎஸ்டியோடு 118.

இந்த எண்ணை அப்படியே விலையாக வைத்துவிடக் கூடாது. வாடகை, முடிவெட்டும் கூலி, ஓட்டல் சாப்பாடு போன்றவை உள்ளூரில் மலிவாக இருப்பதால்தான் இந்த எண் இவ்வளவு இறங்குகிறது. கைப்பேசி போன்ற பொருளை வாங்கக்கூடியவர்களின் செலவுப் பழக்கம் நாட்டின் சராசரியிலிருந்து சற்று விலகியே இருக்கும். அதிலும் ஐபோன் வைத்திருப்பவரும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவரும் ஒரே அளவு செலவழிக்கப்போவதில்லை. எனவே 118 ரூபாயைக் கீழ் எல்லையாகவும் 499 ரூபாயை மேல் எல்லையாகவும் வைத்துக்கொண்டு, அதே மக்கள் அதே திரையில் வேறு எதற்கெல்லாம் பணம் கட்டுகிறார்கள் என்று பார்ப்பதே வழக்கம். நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் தன் மொபைல் சந்தாவை 2021 டிசம்பரில் 199 ரூபாயிலிருந்து 149 ரூபாயாகக் குறைத்தது. உலகப் பெருநிறுவனம் ஒன்று இந்தியக் கைப்பேசித் திரைக்குப் போட்ட விலை அது. நம் எடுத்துக்காட்டிலும் 149 என்றே வைத்துப் பார்க்கலாம்.

கையில் வருவது எவ்வளவு?

விலையைக் குறைக்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மடங்கு பேர் கூடுதலாக வாங்கினால் பழைய வருமானம் வரும் என்பது. இதற்கு, வாங்குபவர் கட்டும் தொகையை விட்டுவிட்டு நிறுவனத்தின் கைக்கு வரும் தொகையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

499 ரூபாயிலிருந்து ஜிஎஸ்டியைக் கழித்தால் 423 ரூபாய் நிற்கும். கூகுள், ஆப்பிள் இரண்டுமே சிறு நிறுவனங்களுக்கு வழக்கமான 30 சதவீதக் கமிஷனை 15 சதவீதமாகக் குறைத்துத் தருகின்றன. அதுவும் போக, கைக்கு வருவது 359 ரூபாய். 149 ரூபாய்க்கு இதே கணக்கைப் போட்டால் 107 ரூபாய் வரும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 3.35. இந்தியாவில் ஒரு லட்சம் பேர் விளையாட்டை இறக்கி, அவர்களில் 300 பேர் 499 ரூபாய் கட்டியிருந்தால், புதிய விலையில் குறைந்தது 1,005 பேர் கட்ட வேண்டும். ஆயிரத்துக்கு மூன்று பேர் என்பது நூற்றுக்கு ஒருவர் என்று உயர வேண்டும். இது நடக்கக்கூடிய காரியம்தான்.

விலையை 29 ரூபாயாக இறக்கினால் கதை மாறிவிடுகிறது. கைக்கு வருவது 21 ரூபாய்க்கும் குறைவு. அப்போது 17 மடங்குக்கும் மேல் பேர் வாங்க வேண்டும். பணம் கட்டும் மனமே இல்லாதவர்கள் 149 ரூபாய்க்கும் கட்டமாட்டார்கள், 29 ரூபாய்க்கும் கட்டமாட்டார்கள். எனவே ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் புதிதாக வருபவர்களைவிட இழக்கும் பணமே அதிகம். கூடுதலாக ஒரு பிரதி விற்பதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை என்பதால்தான் இந்த அளவுக்காவது இறங்க முடிகிறது. எந்நேரமும் சர்வர் ஓட வேண்டிய பலர்கூடி ஆடும் விளையாட்டில், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஆகும் மாதச் செலவையும் கழித்த பிறகே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

கடையில் விலையை மாற்றுவது

இவ்வளவு குறைந்த விலை வைக்கக் கடைகளே முன்பு இடம் தரவில்லை. கூகுள் பிளேயில் இந்தியாவுக்கான குறைந்தபட்ச விலை 2015 வரை 50 ரூபாய்; அந்த ஆண்டு அது 10 ரூபாயாக இறங்கியது. 2022-ல் மேலும் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் சில சென்ட்டுகளுக்கு நிகரான விலைகூட வைக்க கூகுள் அனுமதித்தது. ஆப்பிள் 2022 டிசம்பரில் தன் விலைப்பட்டியலை விரித்து 900 விலைப்புள்ளிகளைக் கொண்டுவந்தது. இன்று இரு கடைகளிலுமே ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விலை போடலாம்.

நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குத் தனித்தனியே யோசிப்பது சிறு நிறுவனத்தால் ஆகாத காரியம். நாடுகளை வருமானப்படி நான்கைந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் டாலர் விலையில் இத்தனை சதவீதம் என்று வைத்துக்கொண்டு, பயனர்கள் அதிகமுள்ள சில நாடுகளை மட்டும் தனியாகப் பார்ப்பதே நடைமுறை. கடைசியாக அந்தந்த ஊர் வழக்கப்படி விலையை முழுமையாக்க வேண்டும். இந்தியாவில் 149 என்பது பழகிய விலை, 143.60 என்று போட்டால் கண்ணை உறுத்தும். இந்தோனேசியாவில் ஆயிரங்களில் முடிவதே வழக்கம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ‘முழு விளையாட்டையும் வாங்கு’ என்ற பொத்தானின் படத்திலேயே 4.99 டாலர் என்று எழுதி வைத்துவிடுவார்கள். கடையில் விலையைக் குறைத்தாலும் விளையாட்டுக்குள் பழைய விலையே தெரியும். அதைப் பார்த்தவர் அடுத்த திரைக்குப் போகவே மாட்டார். கூகுளின் நிரலகம் `formattedPrice` என்றும், ஆப்பிளின் நிரலகம் `displayPrice` என்றும் அந்த ஆளுக்கு உரிய விலையை அவருடைய நாணயக் குறியோடு தருகின்றன. பொத்தானில் அதைத்தான் காட்ட வேண்டும்.

மலிவான ஊரில் வாங்கி வருபவர்கள்

ஒரு நாட்டில் 5 டாலர், இன்னொரு நாட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால், பணக்கார நாட்டுக்காரர் மலிவான நாட்டின் கணக்கில் வாங்கப் பார்ப்பார். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடையில் அர்ஜென்டினாவும் துருக்கியும் இதற்குப் பேர் போனவை. அந்நாட்டு நாணயங்கள் ஓயாமல் சரிந்ததால் அங்கே விலை நிர்ணயிப்பதே பெரும்பாடாகி, 2023 நவம்பரில் வால்வ் நிறுவனம் இரு நாடுகளுக்கும் டாலர் விலையையே கொண்டுவந்தது. உள்ளூர் ஆட்டக்காரர்களுக்குப் பல விளையாட்டுகளின் விலை ஒரே நாளில் பல மடங்கு ஏறியது.

கைப்பேசிக் கடைகளில் இந்த வழி சற்று கடினம். விபிஎன் போட்டால் மட்டும் விலை மாறாது. கூகுள் பிளேயில் நாட்டை மாற்ற அந்த நாட்டின் கட்டண முறை வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். ஆப்பிளில் கணக்கிலுள்ள மீதிப் பணத்தைத் தீர்த்த பிறகே நாட்டை மாற்ற முடியும். இரண்டு மூன்று டாலரை மிச்சம் பிடிக்க இவ்வளவு பாடுபடுபவர்கள் குறைவு. ஆனால் விளையாட்டுக்குள் விற்கும் நாணயப் பொதிகளில் ஆபத்து இருக்கிறது. மலிவு நாட்டில் பெரிய பொதிகளை வாங்கி, வேறு நாட்டு ஆட்டக்காரரின் கணக்கில் ஏற்றிக் கொடுத்து இடைத்தரகர்கள் சம்பாதிக்க முடியும். அதனால் சிறு பொதிகளின் விலையை நன்றாகக் குறைத்து, பெரிய பொதிகளை உலக விலைக்குப் பக்கத்திலேயே விட்டுவைப்பது பாதுகாப்பு. உள்ளூர் ஆட்டக்காரர் வாங்குவதும் பெரும்பாலும் சிறு பொதியைத்தான்.

விலை சரியா என்று அறிவது

விலையைக் குறைத்த முதல் வாரத்தில் விற்பனை துள்ளும். விலை இறங்கக் காத்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் வாங்குவதால் வரும் துள்ளல் அது. அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நான்கைந்து வாரம் கழித்து, புதிதாக இறக்கியவர்கள் ஆயிரம் பேரிடமிருந்து கைக்கு வந்த தொகை எவ்வளவு என்று பார்த்து, அதைப் பழைய விலைக் காலத்தோடு ஒப்பிட வேண்டும். வாங்கியவர்களின் எண்ணிக்கை மட்டும் உயர்ந்திருந்தால் போதாது. அதே காலத்தில் விலை மாறாத நாடுகளில் என்ன நடந்தது என்றும் பார்த்தால், பண்டிகைக் கால ஏற்றத்தை விலைக்குறைப்பின் பலன் என்று தவறாக எண்ணாமல் இருக்கலாம். கூகுளின் பிளே கன்சோலில் ஒரே நாட்டில் ஒரு பகுதியினருக்கு ஒரு விலையும் மற்றவர்களுக்கு வேறு விலையும் காட்டிச் சோதிக்கும் வசதியும் இருக்கிறது.

வைத்த விலை நெடுங்காலம் நிற்காது. இலங்கையில் 2022-ன் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியது. அங்கே 400 ரூபாய் என்று விலை வைத்திருந்த நிறுவனத்துக்கு, 2 டாலராக இருந்த வருமானம் சில மாதங்களில் 1.11 டாலராகச் சுருங்கியிருக்கும். உடனே டாலருக்கு ஈடாக விலையை 720 ரூபாயாக ஏற்றுவதும் சரிவராது. நாணயம் சரிந்த வேகத்தில் மக்களின் சம்பளம் ஏறுவதில்லை. இத்தகைய நேரத்தில் விலையைச் சிறிது சிறிதாக ஏற்றி, நட்டத்தில் ஒரு பங்கை நிறுவனமே சுமப்பதுதான் ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கும். சாதாரண காலத்தில் ஆண்டுக்கு ஓரிரு முறை எல்லா நாட்டு விலைகளையும் எடுத்துப் பார்த்து, பெரிதாக விலகியவற்றை மட்டும் திருத்தினால் போதும்.